ஒரு துணி குழைந்து விழுகிறது, இன்னொன்று விறைத்து நிற்கிறது: ஏன்?

சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவு என்று சொல்லி விற்கும் துணிகளின் லேபிளைப் பார்த்தால், ஆர்கானிக் பருத்தி, ஹெம்ப், லையோசெல், மறுசுழற்சி பாலியஸ்டர் என்ற நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். எதற்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, எது மண்ணைக் கெடுக்காது என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். துணியைத் தைக்கவோ உடுத்தவோ எடுக்கும்போது வருகிற கேள்வி வேறு. கையில் எப்படி இருக்கும்? உடம்பில் எப்படி விழும்? பார்வைக்கு எப்படித் தெரியும்? படத்தைப் பார்த்து மட்டும் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

இந்த மூன்றில் துணி விழும் விதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி புரிந்த மாதிரிதான்.

வட்டத் துணியும் டப்பா மூடியும்

18 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்ட மூடியை எடுத்து, உயரமான ஒரு டப்பாவின் மேல் வையுங்கள். துணியை 30 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக வெட்டி, நடு மையம் பொருந்தும்படி மூடிமேல் போடுங்கள். சுற்றிலும் 6 செ.மீ. துணி தொங்கும். விறைப்பான துணி என்றால் தொப்பியின் விளிம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குழைவான துணி என்றால் மடிப்பு மடிப்பாக டப்பாவை ஒட்டிக் கீழே இறங்கும். நேர் மேலே நின்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இது ஆய்வுக்கூடங்களில் இன்றும் செய்கிற சோதனைதான். 1960களில் குசிக் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு கருவியை உருவாக்கினார். அதிலும் 18 செ.மீ. தட்டு, 30 செ.மீ. துணிதான். கணக்குப் போட அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடிக்கும். 30 செ.மீ. வட்டக் காகிதத்தின் நடுவில் 18 செ.மீ. வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டால் ஒரு வளையம் கிடைக்கும். சாதாரண அச்சுத்தாள் என்றால் அந்த வளையம் சுமார் 3.6 கிராம் இருக்கும். துணியின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறதோ, அந்தக் கோட்டை வளையத்தின்மேல் வரைந்து, வெளியே இருப்பதை வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி எடை போடுங்கள். 1.8 கிராம் வந்தால் அந்தத் துணியின் விழுகை எண் 50 சதவீதம். எண் குறையக் குறையத் துணி குழைவு. நகை எடை போடுகிற சின்னத் தராசு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

இரண்டு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. முதலாவது, ஒப்பிடும் துணிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கனத்தில் இருக்க வேண்டும். துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. வெட்டிய வட்டத்தை எடை போட்டு 14-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். 150 ஜி.எஸ்.எம். துணியின் வட்டம் கிட்டத்தட்ட 10.6 கிராம் இருக்கும். சட்டைக்கும் லேசான பாவாடைக்கும் இந்தக் கனம் சரியாக இருக்கும் என்பதால், இனிச் சொல்வதெல்லாம் இந்தக் கனத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஒன்று விட்டு ஒன்று போகும் சாதா நெசவில் உள்ள துணிகளைப் பற்றி. இரண்டாவது, வட்டத்தை வெட்டும் முன் துணியை இரண்டு முறை துவைத்து உலர்த்துங்கள். புதுத் துணியில் கஞ்சியோ மென்மையூட்டும் பூச்சோ இருக்கும். அது போகும்வரை நீங்கள் தொடுவது பூச்சைத்தான், இழையை இல்லை.

குழைவு எங்கிருந்து வருகிறது

துணி வளைய வேண்டுமென்றால் அதில் உள்ள ஒவ்வொரு இழையும் வளைய வேண்டும். உருண்டையான ஓர் இழையின் தடிமன் இரண்டு மடங்கானால், அதை வளைக்க 16 மடங்கு விசை வேண்டும். சரி, தடித்த இழை ஒன்றுக்குப் பதிலாக அதே அளவு பொருளை நான்கு மெல்லிய இழைகளாகப் பிரித்து வைத்தால்? நான்கையும் சேர்த்து வளைக்க, தடித்த ஒற்றை இழைக்குத் தேவைப்படும் விசையில் கால் பங்கு போதும். ஆனால் அந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக வழுக்க வேண்டும். பசை போட்டு ஒட்டிவிட்டால் நான்கும் ஒன்றாகிவிடும், பழைய விறைப்பு திரும்பிவிடும்.

ஆக, இழை எவ்வளவு மெல்லியது, இழைகளுக்கும் நூல்களுக்கும் நடுவே நகர இடம் இருக்கிறதா என்ற இரண்டே கேள்விதான். நான்கு துணியும் இந்த இரண்டு கேள்விக்கு நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

ஹெம்ப்

விறைப்பான பக்கத்திலிருந்து தொடங்கலாம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹெம்ப் என்றதும் சிலர் சணல் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சாக்குப் பை செய்யும் சணல் வேறு செடி. ஹெம்ப் கஞ்சாச் செடியின் இனம். போதைப் பொருள் மிகக் குறைவாக, நாருக்காகவே வளர்க்கப்படும் வகைகள். நார் எடுப்பது தண்டின் பட்டையிலிருந்து.

பட்டைக்குள் நார் தனித்தனி இழையாக இருப்பதில்லை. சுமார் 2 செ.மீ. நீளமுள்ள செல்கள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, பெக்டின் என்ற இயற்கைப் பசையால் ஒட்டப்பட்ட கட்டுகளாக இருக்கின்றன. தண்டைத் தண்ணீரிலோ பனியிலோ ஊறப்போட்டு, நுண்ணுயிர்கள் அந்தப் பசையைத் தின்னும்படி விடுவார்கள். ஆனாலும் எல்லாப் பசையும் போய்விடாது. நூலில் வந்து சேர்வது பெரும்பாலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டுகள்தான். பருத்தி இழையின் அகலம் 12 முதல் 20 மைக்ரான். ஹெம்ப் கட்டு ஒன்று 50 மைக்ரானைத் தாண்டுவது சாதாரணம். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். அது ஏன் விறைத்து நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

டப்பாமேல் போட்டால் ஹெம்ப் மூன்று நான்கு அகலமான மடிப்புகளாக, கூடாரம் மாதிரி விரிந்து நிற்கும். தொட்டால் முதலில் குளிர்ச்சி, அப்புறம் ஒரு மொரமொரப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுவது தெரியும். பருத்தியில் இப்படி இருந்தால் குறை என்போம். ஹெம்ப்பில் அழகே அந்த ஏற்ற இறக்கம்தான். உடம்பை ஒட்டாமல் தள்ளி நிற்பதால் வெக்கை நேரத்தில் உள்ளே காற்று ஓடும்.

துவைக்கத் துவைக்க ஹெம்ப் மென்மையாகும் என்று சொல்வது உண்மை. மிச்சப் பசை கரைந்து, கட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிவதுதான் காரணம். ஒன்று நான்காகப் பிரிவது கண் முன்னே நடக்கிறது. ஆனால் கசங்கல் போகாது. பருத்தி இழை அறுவதற்கு முன் 7 சதவீதம் வரை நீளும். ஹெம்ப் 2 சதவீதத்தை ஒட்டியே அறுந்துவிடும். மடித்த இடத்தில் நீண்டு கொடுத்துத் திரும்பி வர அதற்குத் தெரியாது. அதனால்தான் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப அழுத்தி இஸ்திரி போட்டால், நாளடைவில் அந்தக் கோட்டிலேயே துணி விடுகிறது. காலர் மடிப்பில் இது முதலில் தெரியும். ஈரம் காய்வதற்கு முன் லேசாக இஸ்திரி போட்டு, மடிக்காமல் தொங்கவிடுவது நல்லது.

ஹெம்ப் 55, பருத்தி 45 என்ற கலவை நிறையக் கிடைக்கிறது. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஹெம்ப்பின் தோற்றம் இருக்கும், விறைப்பு பாதியாகக் குறையும்.

ஆர்கானிக் பருத்தி

இங்கே நேரடியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்கானிக் என்பது பயிர் எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்கிறது: செயற்கைப் பூச்சிக்கொல்லி இல்லை, செயற்கை உரம் இல்லை, மரபணு மாற்றிய விதை இல்லை. விளைந்து வந்த இழை மற்றப் பருத்தி இழைதான். கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டால் இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 'ஆர்கானிக் என்பதால் மென்மை' என்று எங்காவது எழுதியிருந்தால், மென்மைக்கு வேறு காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரணம் பெரும்பாலும் இழையின் நீளம். விதையின்மேல் ஒவ்வொரு இழையும் ஒற்றைச் செல்லாக வளர்கிறது. காய் வெடித்துக் காயும்போது, குழாய் மாதிரி இருந்த அது சப்பிப் போய், முறுக்கிய நாடா மாதிரி ஆகிறது. இந்த முறுக்குதான் பருத்தியின் அடையாளம். ஒளி அதன்மேல் பட்டுப் பல பக்கமும் சிதறுவதால் பருத்தி பளபளக்காது. பார்க்க அமைதியாக, மாவு பூசிய மாதிரி இருக்கும். சாதாரண வகைகளில் இழை 2.5, 3 செ.மீ. நீளம் இருக்கும், மிக நீண்ட இழை வகைகளில் 3.5 செ.மீ.க்கு மேல் போகும். இழை குட்டையாக இருந்தால் ஒரு அங்குல நூலில் முனைகள் அதிகம், அந்த முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தோலுக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. துணியை வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் பார்த்தால் இந்தப் பூனைமயிர் தெரியும். குறைவாக இருந்தால் நல்ல பருத்தி.

டப்பாச் சோதனையில் பருத்தி நடுவில் நிற்கும். ஐந்தாறு மடிப்பு, கொஞ்சம் இறக்கம், கொஞ்சம் விரிவு. பிளீட் வைத்தால் நிற்கும், சுருக்கம் வைத்தால் அடங்கும். எதிலும் உச்சம் இல்லை, எதிலும் ஏமாற்றாது. தையல் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணி இல்லை.

லையோசெல்

நான்கில் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது இதைப் பற்றித்தான். மரக்கூழில் உள்ள செல்லுலோசை ஒரு கரைப்பானில் கரைத்து, பாகு மாதிரி ஆக்கி, மிக நுண்ணிய துளைகள் வழியாகப் பிதுக்கி, தண்ணீரில் இறக்கினால் இழையாகிறது. கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் இதன் நல்ல பெயருக்குக் காரணம். வணிக அளவில் இது 1990களில்தான் வந்தது. டென்சல் என்று லேபிளில் பார்த்திருப்பீர்கள். லையோசெல்லுக்கு ஒரு நிறுவனம் வைத்திருக்கும் வியாபாரப் பெயர் அது.

துளை வழியாக வருவதால் இழை உருண்டையாக, வழவழப்பாக, ஒரே தடிமனாக இருக்கும். துணிக்குப் பயன்படும் சாதாரண வகை சுமார் 11 மைக்ரான்தான். முதல் கேள்விக்கு, அதாவது இழை மெல்லியதா என்பதற்கு, பதில் ஆயிற்று. இரண்டாவது கேள்விக்கான பதில் இன்னும் அழகானது. லையோசெல் தண்ணீரில் நன்றாக ஊதும். சாயப் பட்டறையில் துணி நனையும்போது இழைகள் பருத்து நூல்களை ஒன்றையொன்று தள்ளுகின்றன. காய்ந்ததும் இழை பழையபடி மெலிந்துவிடும், தள்ளிப்போன நூல்கள் அங்கேயே நிற்கும். நடுவே இடைவெளி பிறக்கிறது. நூல்கள் அந்த இடைவெளியில் தாராளமாக நகர்வதால்தான் துணி தண்ணீர் மாதிரி இறங்குகிறது.

வீட்டிலும் இதைப் பார்க்கலாம். லையோசெல் சட்டையை வாளியில் முக்கி எடுத்தால், அட்டை மாதிரி விறைத்திருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் துணி கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். காய்ந்ததும் குழைவு திரும்பி வந்துவிடும்.

டப்பாமேல் போட்டால் ஏழெட்டு ஒடுக்கமான மடிப்புகள், டப்பாவை ஒட்டியபடி. தொட்டால் குளிர்ச்சி, வழவழப்பு, கொஞ்சம் கனமான உணர்வு. வழவழப்பான இழை ஒளியை ஒழுங்காகத் திருப்புவதால் உள்ளிருந்து வருவது மாதிரி ஒரு மெல்லிய மினுமினுப்பு. வியர்வையை உறிஞ்சுவதில் பருத்தியைவிட ஒரு படி மேல்.

இதன் பலவீனம் என்னவென்று நான் ஒரு சட்டையைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அடர் நீல லையோசெல் சட்டை. ஜீன்ஸோடு சேர்த்து இயந்திரத்தில் நான்கைந்து முறை துவைத்தேன். காலர் மடிப்பிலும் தையல் ஓரங்களிலும் பனி படர்ந்த மாதிரி வெளிறிய கோடுகள் வந்தன. சாயம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சாயம் அப்படியே இருந்தது. இழையின்மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரி மெல்லிய நாருகள் எழும்பி நின்றன. லையோசெல் இழைக்குள் நீளவாக்கில் மிக மெல்லிய நாருகள் அடுக்கியிருக்கின்றன, பக்கவாட்டில் அவற்றுக்குள் பிடிப்பு குறைவு. ஈரத்தில் ஊதியிருக்கும்போது முரட்டுத் துணி உரசினால் அவை தோலுரிகின்றன. உரிந்த நார் அவ்வளவு மெல்லியது என்பதால் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. அடர் நிறங்களில்தான் இது கண்ணை உறுத்தும், வெளிர் நிறத்தில் தெரியவே தெரியாது.

இதே தோலுரிவை ஆலைகளில் வேண்டுமென்றே நடத்தி, நொதி போட்டுச் சீராக்கி, பீச் பழத்தோல் மாதிரியான தொடுவுணர்வைக் கொண்டுவருகிறார்கள். நார் பிரியாதபடி வேதியியல் முறையில் கட்டிப்போட்ட வகைகளும் உண்டு. வழவழப்பு வேண்டுமா, பீச் தோல் வேண்டுமா என்று தெரிந்து வாங்குங்கள். வாங்கிய பிறகு உள்புறத்தை வெளியே திருப்பி, மென்துணிகளோடு மட்டும், மெதுவான சுற்றில் துவையுங்கள்.

மறுசுழற்சி பாலியஸ்டர்

பெரும்பாலும் குடிநீர் பாட்டில்களைக் கழுவி, நொறுக்கி, உருக்கி, இழையாக இழுப்பது. பருத்தி மாதிரியே இதிலும், மறுசுழற்சி என்பது மூலப்பொருளின் கதை. கைக்குப் புதுப் பாலியஸ்டருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. தூய வெள்ளையில் மட்டும் சில சமயம் ஒரு துளி மஞ்சள் சாயல் இருக்கும்.

மற்ற மூன்றுக்கும் ஓரளவு நிலையான குணம் உண்டு. இது ஆலை என்ன சொல்கிறதோ அப்படி ஆகும். பளபளப்பையே பாருங்கள். வழவழப்பான உருண்டை இழை கண்ணாடி மாதிரி மின்னும். உருக்கும்போதே டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை 0.3 சதவீதம் சேர்த்தால் மினுக்கு பாதி அடங்கும். 2 சதவீதம் அளவுக்குச் சேர்த்தால் மங்கி, பருத்தி மாதிரி தோன்றும். விழும் விதமும் அப்படித்தான். நெய்த துணியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால், இழையின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு இழை மெலிகிறது. துணியின் எடையில் பத்து இருபது சதவீதம் வரை கரைந்து போகிறது. இழையும் மெலிந்தது, நடுவில் இடமும் கிடைத்தது. நம் இரண்டு கேள்விக்கும் ஒரே அடியில் பதில். பட்டு மாதிரி வழிந்து விழும் பாலியஸ்டர் துணிகள் இப்படித்தான் வருகின்றன.

மாற்ற முடியாதது ஒன்று இருக்கிறது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும், லையோசெல்லும் ஹெம்ப்பும் அதைவிட அதிகம். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால் வியர்வை உள்ளே போகாமல் மேலே நிற்கும், வறண்ட நாளில் மின்னூட்டம் ஏறிக் காலோடு ஒட்டும். அழகாக விழுந்த பாவாடை நடக்கும்போது சுருண்டு ஏறுவது இதனால்தான். உள்ளே பருத்தி லைனிங் கொடுத்தால் அடங்கும். மறுபக்கம், வெப்பத்தில் ஒருமுறை பதித்த பிளீட்டைத் துவைத்தாலும் விடாமல் வைத்திருப்பது நான்கில் இது மட்டும்தான்.

ஒரே பாவாடை, நான்கு துணி

இடுப்பு 70 செ.மீ. உள்ளவருக்கு, இடுப்பில் சுருக்கம் வைத்த, முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு பாவாடை தைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் குறிப்புகளில் பொதுவாக இடுப்பளவைப் போல் இரண்டு மடங்கு துணி, அதாவது 140 செ.மீ. சுற்றளவு, எடுக்கச் சொல்வார்கள். பருத்திக்கு அது அப்படியே பொருந்தும்.

அதே 140-ஐ ஹெம்ப்பில் எடுத்தால் சுருக்கம் அடங்காது. இடுப்பிலேயே புடைத்து, மணி மாதிரி வெளியே நிற்கும். உடுத்தியவர் இரண்டு சுற்று பருத்தவராகத் தெரிவார். ஒன்றரை மடங்கு, 105 செ.மீ. போதும். சுருக்கத்துக்குப் பதில் நான்கைந்து தட்டையான பிளீட் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

லையோசெல்லில் 140 எடுத்தால் துணி பற்றாதது போல் கால்களை ஒட்டித் தொங்கும். மூன்று மடங்கு, 210 செ.மீ. வரை தாராளமாகப் போகலாம். அவ்வளவு துணியும் இடுப்பில் அடங்கிவிடும், கீழே அலை அலையாக விரியும். கனம் கூடும் என்பதால் இடுப்புப் பட்டிக்கு உறுதியான கேன்வாஸ் வைக்க வேண்டும். வட்டமாக வெட்டும் அம்ப்ரெல்லா பாவாடை என்றால், தைத்து முடித்ததும் கீழ் விளிம்பை மடிக்க அவசரப்படாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். நூல் சாய்வாக ஓடும் இடங்களில் துணி இறங்கும், சில இடங்களில் இரண்டு மூன்று செ.மீ. கூட. இறங்கிய பிறகு தரையிலிருந்து அளந்து வெட்டி மடித்தால்தான் விளிம்பு நேராக நிற்கும்.

மறுசுழற்சி பாலியஸ்டருக்கு முன்கூட்டியே அளவு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு துணித் துண்டை வாங்கி டப்பாமேல் போட்டுப் பாருங்கள். மடிப்புகள் நான்குக்குள் நின்றால் ஹெம்ப்பின் அளவு, ஏழெட்டு வந்தால் லையோசெல்லின் அளவு.

கடையில் டப்பா ஏது? துணியின் ஒரு மூலையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கித் தொங்கவிடுங்கள். விரலுக்குக் கீழே உடனே ஒடுங்கி, குச்சி மாதிரி இறங்கினால் குழைவான துணி. விரலுக்குக் கீழேயே விசிறியாக விரிந்து நின்றால் விறைப்பு. அப்புறம் ஒரு கைப்பிடித் துணியைப் பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். கூர்மையான கோடுகள் அப்படியே நின்றால் ஹெம்ப். உருண்டையான கசங்கல் விழுந்து அப்படியே இருந்தால் பருத்தி. மென்மையான கசங்கல் விழுந்து, தொங்கவிட்டதும் பாதி மறைந்தால் லையோசெல். ஒன்றுமே நடக்காத மாதிரி விரிந்தால் பாலியஸ்டர். கலவைத் துணிகளில் இது குழப்பும், அங்கே லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.